வெளிநாட்டு டிவிடெண்ட்: பேங்கில் வந்த தொகை உங்கள் வருமானம் அல்ல

ஓசூரில் வருமான வரி கணக்கு தாக்கல் செய்துகொடுக்கும் வேலை எனக்கு. தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைய பேர் வருவார்கள். அவர்களில் பலருக்குக் கம்பெனி கொடுத்த அமெரிக்கப் பங்குகள் இருக்கும். போன மாதம் வந்த ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, 75 டாலர்தான் வந்துச்சு. அதை மட்டும் காட்டினா போதும்ல?"

போதாது. அவருடைய புரோக்கர் ஸ்டேட்மெண்ட்டில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில் டிவிடெண்ட் 100 டாலர், அடுத்த வரியில் பிடித்த வரி 25 டாலர். நம் கணக்கில் வருமானம் 100 டாலர்தான். அந்த 25 டாலர் நீங்கள் அமெரிக்காவில் ஏற்கெனவே கட்டிய வரி, அதைத் தனியாகக் காட்டித்தான் சலுகை கேட்க வேண்டும். டிவிடெண்டை இந்தியாவுக்குக் கொண்டுவராமல் அங்கேயே பங்கு வாங்கியிருந்தாலும் இதே கதைதான்.

அடுத்த தவறு விகிதத்தில். கூகுளில் பார்த்த விகிதம், பணம் வந்த அன்று பேங்க் கொடுத்த விகிதம், இரண்டுமே செல்லாது. 2025-26 வருமானத்துக்குப் பொருந்தும் வருமான வரி விதி 115 சொல்வது ஸ்டேட் பேங்கின் டாலர் வாங்கும் விகிதம், அதாவது அவர்கள் தினமும் வெளியிடும் பட்டியலில் TT BUY என்ற பத்தியில் இருப்பது. அதிலும் டிவிடெண்ட் வந்த நாளின் விகிதம் இல்லை, அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் விகிதம். தம்பிக்கு டிவிடெண்ட் வந்தது 2025 செப்டம்பரில். ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை. இப்படி வந்தால் அதற்கு முன் கடைசியாக வெளியான விகிதத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைச் சேமித்துவைத்துக்கொள்வது வழக்கம். பிடித்த வரியையும் (விதி 128) அது பிடிக்கப்பட்ட மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாள் விகிதத்தில்தான் மாற்ற வேண்டும்.

வட்டியில் கொஞ்சம் கவனம் வேண்டும். வெளிநாட்டுக் கடன் பத்திர வட்டி என்றால், அது சேர வேண்டிய மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாள் விகிதம். புரோக்கரிடம் சும்மா கிடக்கும் பணத்துக்கு வரும் வட்டி என்றால், அந்த நிதியாண்டின் மார்ச் 31 விகிதம். இரண்டையும் ஒரே விகிதத்தில் போட்டுவிடுகிறார்கள்.

இனி முக்கியமான இடம். "நமக்கு 20 சதவீத ஸ்லாப், அங்கே 25 பிடித்துவிட்டார்கள், இங்கே கட்ட ஒன்றுமில்லை" என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி வருவதில்லை.

டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 8,800. அமெரிக்காவில் போனது 2,200. டிவிடெண்டையும் சேர்த்து அவருடைய வரிக்குரிய மொத்த வருமானம் 20 லட்சம். 2025-26க்கான புதிய முறையில் செஸ்ஸோடு வரி 2,08,000, அதாவது சராசரி 10.4 சதவீதம். வெளிநாட்டு வரிச் சலுகை, அந்த வருமானத்தின் பங்குக்கு வரும் இந்திய வரியைத் தாண்டாது. அந்தப் பங்கைச் சராசரி விகிதத்தில்தான் கணக்கிடுகிறோம். ஆகவே சலுகை 915 ரூபாய் மட்டும். ஆனால் இந்த 8,800 வந்ததால் அவருக்கு இந்தியாவில் கூடிய வரி 20.8 சதவீதம், அதாவது 1,830. அதில் 915 கழிந்து, இன்னும் 915 அவர் கட்ட வேண்டும். 8,800-இல் கடைசியில் கையில் நிற்பது சுமார் 5,685 ரூபாய். மீதமுள்ள அமெரிக்க வரி 1,285-ஐ அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. இதைச் சொன்னதும் தம்பியின் முகம் வாடிவிட்டது, எனக்கே கஷ்டமாக இருந்தது.

இதைவிட மோசமாகவும் ஆகலாம். அமெரிக்காவில் வரிக்குரிய குடியிருப்பாளர் அல்ல என்று புரோக்கரிடம் தெரிவிக்கும் W-8BEN படிவம் கொடுத்திருந்தால்தான் இந்திய-அமெரிக்க ஒப்பந்தப்படி 25 சதவீதம். இல்லாவிட்டால் 30 பிடிப்பார்கள். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது காலண்டர் ஆண்டின் இறுதியில் அது காலாவதியாகிவிடும். அதைப் புதுப்பிக்க மறந்து 30 டாலர் போனால், கூடுதலான அந்த 5 டாலருக்கு இந்தியாவில் ஒரு பைசா சலுகை கிடையாது, அமெரிக்க வரித் துறையிடம்தான் திரும்பக் கேட்க வேண்டும். ஸ்டேட்மெண்ட்டில் பிடித்த வரியை டிவிடெண்டால் வகுத்துப் பாருங்கள். 0.25 வந்தால் சரி, 0.30 வந்தால் இன்றே புரோக்கர் தளத்தில் படிவத்தைப் புதுப்பியுங்கள்.

2025-26 வருமானத்துக்குச் சலுகை கேட்கப் படிவம் 67-ஐத் தாக்கல் செய்ய வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு முடிவதற்குள் செய்யலாம் என்றாலும், ரிட்டர்னுக்கு முன்பே போட்டுவிடுவதுதான் நல்லது. புரோக்கர் அனுப்பும் 1042-S சான்று காலண்டர் ஆண்டுக்கானது. நம் நிதியாண்டின் ஜனவரி முதல் மார்ச் வரையிலான டிவிடெண்ட் அடுத்த ஆண்டின் சான்றில்தான் வரும், அதுவரை அந்த மூன்று மாத ஸ்டேட்மெண்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.