ஈவுத்தொகையே தராத நிறுவனத்துக்கு ஈவுத்தொகைச் சூத்திரமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில், வாரம் இரண்டு மாலை, கணக்கியல் தேர்வு எழுதுபவர்களுக்கு நிதிப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் ஒரு கணக்கு கொடுத்தேன். மென்பொருள் தயாரிக்கும் ஒரு கற்பனை நிறுவனம். பங்கின் விலை 2.40 வெள்ளி. ஒரு பங்குக்கான லாபம் 8 காசு. லாபம் ஆண்டுக்கு 18 விழுக்காடு வளர்கிறது. இதுவரை ஒரு காசுகூட ஈவுத்தொகை தந்ததில்லை. பங்கு மூலதனச் செலவு, அதாவது பங்குதாரர்கள் எதிர்பார்க்கும் வருவாய் விகிதம், எவ்வளவு?

ஒருவர் 0 விழுக்காடு என்று எழுதினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் 18 என்றார். கூட்டல் பெருக்கலில் இருவர்மீதும் குற்றம் சொல்ல முடியாது. சூத்திரம் இதுதான்:

```
Ke = D0 × (1 + g) / P0 + g
```

கடைசியாகத் தந்த ஈவுத்தொகையை ஓர் ஆண்டு வளர்ச்சியோடு பெருக்கி, பங்கு விலையால் வகுத்து, வளர்ச்சி விகிதத்தைக் கூட்ட வேண்டும். ஈவுத்தொகை பூஜ்யம் என்றால் முதல் பகுதி மறைந்துவிடும். மிஞ்சுவது வளர்ச்சி விகிதம் மட்டும். ஈவுத்தொகைக்கு ஏது வளர்ச்சி என்று நினைத்தவருக்கு அதுவும் பூஜ்யம். லாபத்தின் வளர்ச்சியை எடுத்தவருக்கு 18.

தவறு சூத்திரத்தின் பிறப்பை மறந்ததில் இருக்கிறது. ஒரு பங்கின் விலை, அது இனி என்றென்றைக்கும் தரப்போகும் ஈவுத்தொகைகளின் இன்றைய மதிப்பு என்பதுதான் தொடக்கம். அந்த ஈவுத்தொகை அடுத்த ஆண்டே தொடங்கி, மாறாத ஒரே வேகத்தில் வளரும் என்று வைத்துக்கொண்டால்தான் நீண்ட தொடர் இந்தச் சின்ன வடிவத்துக்குச் சுருங்கும். பூஜ்யத்தை எந்த வேகத்தில் வளர்த்தாலும் பூஜ்யமே. அப்படியானால் பங்கின் விலையும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆனால் சந்தை 2.40 வெள்ளி கொடுக்கிறது. என்றோ ஒருநாள் பணம் வரும் என்று நம்பித்தான் கொடுக்கிறது. ஆகவே 0 என்பது விடையல்ல. இந்த நிறுவனத்துக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது என்பதற்கான அறிகுறி அது. பங்கு முதலீடு இலவசம் என்று எழுதும் முன், அந்த நிறுவனத்தின் பங்கை இலவசமாகக் கொடுப்பார்களா என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

அடுத்த தவறு கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஈவுத்தொகை இல்லையென்றால் லாபம் இருக்கிறதே, அதைப் போடலாம் என்று 8 காசை அந்த இடத்தில் வைப்பது. 9.44 காசை 2.40 வெள்ளியால் வகுத்தால் 3.9 விழுக்காடு, 18ஐக் கூட்டினால் ஏறக்குறைய 22. பார்க்க நம்பும்படிதான் இருக்கிறது. ஆனால் ஒரே வெள்ளியை இருமுறை எண்ணியாகிவிட்டது. லாபம் 18 விழுக்காடு வளர்வதே, அந்த 8 காசையும் பங்குதாரருக்குத் தராமல் தொழிலில் மறுபடி போடுவதால்தான். அதைக் கையில் கொடுத்துவிட்டதாகவும் கணக்கு எழுதி, அதே பணத்தால் வரும் வளர்ச்சியையும் சேர்த்துக்கொள்ள முடியாது. போதாக்குறைக்கு, 18 விழுக்காடு வளர்ச்சி என்றென்றைக்கும் நீடிக்காது. அப்படி நீடித்தால் அந்த நிறுவனம் ஒரு கட்டத்தில் நாட்டின் பொருளாதாரத்தையே விழுங்கிவிடும்.

ஒருபோதும் தராத நிறுவனத்தையும் தற்காலிகமாக நிறுத்திய நிறுவனத்தையும் ஒன்றாகப் பார்ப்பது இன்னொரு குழப்பம். கொவிட் காலத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஈவுத்தொகையை நிறுத்தியது, பிறகு மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியின் பூஜ்யத்தை வைத்து வளர்ச்சி விகிதம் கண்டால், பூஜ்யத்தால் வகுக்க நேரும். வங்கிகளிடம் இது நாசூக்காக ஒளிந்திருக்கும். 2020 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையம், உள்ளூர் வங்கிகள் அந்த ஆண்டுக்கான ஈவுத்தொகையை 2019இன் 60 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னது. 100 காசு தந்தவர் 60க்கு இறங்கி, பிறகு பழைய 100க்கே திரும்பினால் உண்மையில் வளர்ச்சி எதுவும் இல்லை. 2020ஐ அடியாக வைத்துக் கணக்கிடுபவர் மட்டும் 67 விழுக்காடு வளர்ச்சி கண்டு மகிழ்ந்துபோவார். இங்கெல்லாம் இடைவெளிக்கு முந்தைய இயல்பான ஈவுத்தொகையிலிருந்து தொடங்குவதே முறை.

எங்கள் மென்பொருள் நிறுவனத்துக்கு முந்தைய இயல்பு என்று ஒன்றுமில்லை. முன்வரிசைப் பெண் ஒருவர் ஒரு வழி சொன்னார்: ஐந்தாம் ஆண்டு முடிவில் முதல் ஈவுத்தொகை 10 காசு, அதன்பின் ஆண்டுக்கு 4 விழுக்காடு வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம், வரப்போகும் பணத்தை எந்த விகிதத்தில் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் குறைத்தால் 2.40 வருகிறது என்று தேடுவோம். நல்ல யோசனை. கவனிக்க வேண்டியது ஒன்று: ஐந்தாம் ஆண்டின் ஈவுத்தொகையைச் சூத்திரத்தில் போட்டால் கிடைப்பது நான்காம் ஆண்டு முடிவின் மதிப்பு. அதை நான்கு ஆண்டுகளுக்குத்தான் இன்றைக்குக் கொண்டுவர வேண்டும்; பாதிப் பேர் ஐந்து ஆண்டு தள்ளுபடி செய்கிறார்கள்.

```
2.40 = [0.10 / (Ke − 0.04)] / (1 + Ke)^4
```

முயன்று பார்த்தால் விடை சுமார் 7.2 விழுக்காடு. வகுப்பு நிம்மதியடைந்தது. நான் முதல் ஈவுத்தொகையை 8 காசாக்கச் சொன்னேன்: 6.6. மீண்டும் 10 காசு, ஆனால் வளர்ச்சி 5 விழுக்காடு: 8.1க்குச் சற்றுக் குறைவு. நிறுவனமும் மாறவில்லை, விலையும் மாறவில்லை. நாம் ஊகித்த எண்கள் மாறின, செலவும் கூடவே நகர்ந்தது. ஈவுத்தொகை வரலாறு இல்லாத இடத்தில் ஈவுத்தொகை மாதிரி நம் ஊகத்தையே நமக்குத் திருப்பிக் காட்டுகிறது. இதில் வந்த விடையைத் தசமப் புள்ளியோடு அறிக்கையில் எழுதுவதுதான் நான் அஞ்சும் தவறு.

இடர் வழியாகச் செல்லும் மூலதனச் சொத்து விலையிடல் மாதிரிக்கு ஈவுத்தொகை தேவையில்லை. அரசாங்கப் பத்திர வருவாய் 3 விழுக்காடு, அதற்கு மேல் சந்தை தரும் கூடுதல் வருவாய் 6, சந்தை அசையும்போது பங்கு எவ்வளவு அசைகிறது என்று காட்டும் பீட்டா இந்த நிறுவனத்துக்கு 1.4 என்று வகுப்புக்காக வைத்துக்கொண்டோம்: 3 + 1.4 × 6 = 11.4. இதிலும் ஊகங்கள் உண்டு, பீட்டா கண்டுபிடிப்பதும் எளிதல்ல. ஆனால் ஒத்த தொழிலிலுள்ள நிறுவனங்களைப் பார்த்து அதைச் சரிபார்க்க முடியும். இன்னும் பிறக்காத ஈவுத்தொகைக்கு அந்த வசதி இல்லை.

இரண்டு விடைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கலாமா என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். வேண்டாம் என்றேன். ஈவுத்தொகை மாதிரியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதே மேல். 11.4 விழுக்காடு சரியென்றால், 2.40 வெள்ளி விலைக்கு ஐந்தாம் ஆண்டில் எவ்வளவு ஈவுத்தொகை வர வேண்டும்?

```
D5 = 2.40 × (0.114 − 0.04) × 1.114^4 ≈ 0.27
```

27 காசு. இப்போது லாபத்தைப் பாருங்கள். 8 காசு ஆண்டுக்கு 18 விழுக்காடு வளர்ந்தால், ஐந்தாம் ஆண்டில் ஏறக்குறைய 18 காசுதான். கிடைத்த லாபம் முழுவதையும் எடுத்துக் கொடுத்தாலும் 9 காசு துண்டு விழுகிறது. வேகமான வளர்ச்சி ஐந்தாம் ஆண்டோடு நின்றுவிடாமல் இன்னும் பல ஆண்டுகள் ஓடும் என்று சந்தை நம்புகிறது. இல்லையென்றால் பங்கு விலை அதிகம்.

“இரண்டில் எது, சார்?” என்று கேட்டார் முன்வரிசைப் பெண். அதற்கு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலைப் பார்க்க வேண்டும், சூத்திரத்தை அல்ல என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன். கீழே கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.