முதலாம் ஆண்டு நன்றிப் பதிவு: உணவகக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக உணவகம் தொடங்கிய நண்பர்கள் சிலர், முதல் ஆண்டு நிறைவுக்கு எழுதும் பதிவை வெளியிடும் முன் எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். போன வாரம் வந்ததைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. "அனைவருக்கும் 50% தள்ளுபடி, ஒரு நாள் மட்டும்!" என் முதல் ஆண்டில் நான் போட்டதும் கிட்டத்தட்ட இதே வரிதான். எழுத்துப் பிழை, மங்கலான படம் போன்றவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லோருக்கும், ஒரே நாளில், பாதி விலை

இந்தத் தவறை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் கடையில் 40 இருக்கைகள். மதியம் 12 முதல் 3 வரை, ஓர் இருக்கையில் அதிகம் போனால் மூன்று பேர் மாறி மாறி உட்காரலாம். அதாவது 120 பேர். வழக்கமாக வருவது 70 பேர். அன்று 12 மணிக்கே வாசலில் வரிசை நின்றது. வாரம் இரண்டு முறை வரும் ஒரு பெரியவர் அரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் எங்கள் படியேறாதவர்கள். பதிவு யாருக்கு நன்றி சொன்னதோ, அவர்கள் வெளியே நின்றார்கள்.

கணக்கையும் பாருங்கள். 100 ரூபாய் பில்லில் சமையல் பொருளுக்கு 35 போகிறது என்று வையுங்கள். மீதி 65-இல்தான் வாடகை, சம்பளம், லாபம் எல்லாம். பாதி விலைக்குக் கொடுத்தால் வருவது 50. பொருள் செலவு குறையாது, அதே 35. கையில் நிற்பது 15. வழக்கமான 70 பேர் தந்த அதே மீதியை எடுக்க, அன்று 300 பேருக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். இடமோ 120 பேருக்கு. கடை நிரம்பி வழிந்தாலும் நஷ்டம்தான் என்பது போஸ்டர் அடிக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

20% என்றால் வருவது 80, நிற்பது 45. சுமார் 100 பேர் வந்தாலே பழைய மீதி வந்துவிடும். உங்கள் பொருள் செலவு வேறாக இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போடாமல் சதவீதத்தை எழுதாதீர்கள்.

இப்போது நான் செய்வது வேறு. பதிவுக்குப் பத்து நாள் முன்பிருந்தே, சாப்பிட்டு முடித்தவர்களுக்குப் பில்லோடு ஒரு சீட்டு கொடுக்கிறோம். அதில் வரிசை எண்ணும் கடை முத்திரையும் இருக்கும். அடுத்த மூன்று வாரத்தில், திங்கள் முதல் வியாழன் வரை எந்த நாளிலும் 20% சலுகை. கூட்டம் ஒரே நாளில் குவியாமல் காலியாக இருக்கும் நாட்களுக்குப் பிரிகிறது. திரும்பி வந்த சீட்டுகளை எண்ணினால், சீட்டோடு எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். வெளியிடும் பதிவு நன்றி சொல்லும், சீட்டை நினைவுபடுத்தும். அவ்வளவுதான்.

கடைசித் தேதி படத்திலேயே இருக்கட்டும்

படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பில் மட்டும் தேதியைப் போட்டால் போதாது. படத்தை மட்டும் தனியாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். இரண்டு மாதம் கழித்து ஒருவர் அதைக் காட்டிச் சலுகை கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. அந்தப் படத்தில் தேதி இல்லை. கொடுத்து அனுப்பினோம். பார்சலுக்கும் டெலிவரிக்கும் சலுகை உண்டா இல்லையா என்பதையும் படத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

"50% வரை"

வேண்டாம். பில் கொடுக்கும்போது சண்டை வரும்.

கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாத சலுகை

பதிவு போடும் முன் அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

யாருக்கு நன்றி என்றே தெரியாத நன்றி

"உங்கள் பேராதரவுக்கு நன்றி" என்ற வரியை எந்தக் கடையும் போடலாம். ஒரு வருடத்தில் உங்கள் வாடிக்கையாளர் சொல்லி நீங்கள் மாற்றிய ஒன்று கட்டாயம் இருக்கும். அதை எழுதுங்கள். நண்பரின் பதிவை நாங்கள் இருவரும் உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

"இன்றோடு ஒரு வருடம். முதல் மாதம் சாப்பாடு தாமதமாகிறது என்றீர்கள். சமையலறையில் இன்னொருவரைச் சேர்த்தோம். குழந்தைகளுக்கு உயரமான நாற்காலி கேட்டீர்கள், வாங்கிப் போட்டோம். சொல்லித் திருத்தியவர்களுக்கு நன்றி. உங்கள் கையில் இருக்கும் சீட்டுக்கு இந்த மாதக் கடைசி வரை, திங்கள் முதல் வியாழன் வரை, கடையில் சாப்பிட்டால் 20% குறைவு. சீட்டு கிடைக்காமல் போன பழைய வாடிக்கையாளர்கள் கல்லாவில் கேளுங்கள், தருகிறோம்."

அந்தக் கடைசி வரி நண்பர் சேர்த்தது. என் பதிவில் அது இல்லை. அடுத்த ஆண்டு நானும் சேர்க்கப் போகிறேன்.