பேலன்ஸ் பீம்: நடப்பதற்கு முன் இறங்கக் கற்றுக்கொடுங்கள்

ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கான பேலன்ஸ் பீம், அதாவது மேலே ஏறி நடக்கும் ஒடுக்கமான கட்டை, 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், 125 சென்டிமீட்டர் உயரம் கொண்டது. ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த அகலம் அப்படியே இருக்கட்டும்; உயரம் மட்டும் அவர்களின் முழங்காலைத் தாண்ட வேண்டாம். பீமைச் சுற்றி மெத்தைகளை இடைவெளி விடாமல் விரியுங்கள். இரண்டு மெத்தைகளுக்கு நடுவே உள்ள பிளவில்தான் கணுக்கால் பிசகும்.

முதல் படி: இறங்குதல். பெரும்பாலான வகுப்புகள் நடையில் தொடங்குகின்றன. நான் இறங்குவதில் தொடங்குவேன். பிள்ளை பீமின் முனையில் நிற்கட்டும். மெத்தையில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, மேல்நோக்கி நிமிர்ந்து குதிக்க வேண்டும். இரண்டு பாதங்களும் ஒன்றாகத் தரை தொட வேண்டும். முழங்கால்கள் மடிந்து, கைகள் முன்னால் நீண்டிருக்க வேண்டும். மூன்று எண்ணும்வரை அசையக் கூடாது. ‘தட்’ என்ற சத்தம் கேட்டால் முழங்கால் மடியவில்லை. முழங்கால்கள் உள்பக்கமாக ஒன்றையொன்று நெருங்கினாலும் சரியில்லை. இரண்டுக்கும் மருந்து, தரையிலேயே குதித்துப் பழகுவதுதான்.

இரண்டாம் படி: விழும் விதி. தடுமாறினால் முதலில் முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். அதிலும் நிலை வரவில்லை என்றால் உடனே ஒரே பக்கமாக, கால் முதலில் படும்படி இறங்கிவிட வேண்டும். எப்படியாவது நின்றுவிடப் போராடும்போதுதான் பக்கத்துக்கு ஒரு கால் சரிந்து, பீம்மேல் தொடைகள் அடிபடும். கையைப் பின்னால் ஊன்றுவதற்கும் தடை. மணிக்கட்டும் முழங்கையும் அதில்தான் முறியும்.

மூன்றாம் படி: நடை. ஒரு சிறுமி நான்கடி வைத்ததும் ஒவ்வொரு முறையும் இடறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் நின்று பாருங்கள். அவள் பாதத்தையே பார்ப்பாள். தலை முன்னால் சாய, இடுப்பு பின்னால் போயிருக்கும். பீமின் மறுமுனையில் ஒரு வண்ண ஸ்டிக்கரை ஒட்டி, அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதம் தன் வழியைத் தொட்டே கண்டுபிடிக்கட்டும்: கால்விரல்கள் பீமின் பக்கவாட்டை உரசியபடி முன்னேறி மேலே வந்து பதியட்டும். அதற்காகவே வெறுங்கால்.

நான்காம் படி: தாங்குதல். அவள் இடுப்புக்கு நேராக, கூடவே நடங்கள். உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டுங்கள். அவள் கை அதன்மேல் படியட்டும். நீங்கள் கையைப் பற்றினால் அவள் உங்கள் பக்கமே சாய்ந்து பழகிவிடுவாள். மற்றொரு கை இடுப்பருகே தயாராக இருக்கட்டும். விழுந்தால் பிடிக்க வேண்டியது இடுப்பைத்தான்; கையைப் பிடித்து இழுத்தால் தோள்பட்டை திருகிக்கொள்ளும். உள்ளங்கையில் படும் பாரம் குறைந்துகொண்டே வந்தால் அந்தக் கையை எடுத்துவிடலாம். இடுப்பருகே உள்ள கையை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.

உயர்த்துவது எப்போது? பீமின் முழு நீளமும் தாங்கலின்றி நடந்து, முனையில் குதித்து, அசையாமல் நிற்பது வகுப்புக்கு வகுப்பு தவறாமல் நடக்க வேண்டும். உயர்த்தும்போது மெத்தைகளையும் அதே அளவு அடுக்குங்கள். கண்ணுக்கு உயரம் கூடும், விழும் தூரம் கூடாது. பிறகு மெத்தைகளை ஒவ்வொன்றாக உருவலாம்.