ஸ்பைக் அடிக்க ஓடும்போது விடக்கூடாத பிழைகள்

மாரி முடிந்து நிலம் காய்ந்ததும் எங்கள் பக்கத்து மைதானங்களில் பின்னேரம் கரப்பந்துக்கு நெற் கட்டிவிடுவார்கள். புதிதாகப் பழக வருகிற பொடியன்கள் முதல் நாளே கேட்பது ஸ்பைக் அடிக்கத்தான். அவர்கள் விடுகிற பிழைகளைப் பார்த்தால், நாங்கள் பழகிய காலத்துப் பிழைகள் அப்படியே திரும்பி வந்திருக்கின்றன. நெற்றில் கை படுவது, நடுக்கோட்டைத் தாண்டி விழுவது போன்றவற்றை நடுவர் விசில் ஊதியே திருத்திவிடுவார். விசில் ஊதாத பிழைகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வலது கையால் அடிப்பவர் இடப்பக்க மூலையில் நின்று உயரமான செற்றை, அதாவது அடிப்பதற்காகச் செற்றர் உயரத் தூக்கிக் கொடுக்கிற பந்தை, அடிப்பதை வைத்தே சொல்கிறேன். தொடங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பந்துதான் வரும்.

செற்றர் பந்தைத் தொட்டதும் ஓடத் தொடங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருகிற பிழை இதுதான். செற்றரின் விரலை விட்டுப் பந்து கிளம்பியதும் பொடியன் முழு வேகத்தில் பாய்வான். பந்து இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே நெற்றடிக்கு வந்து, பந்துக்கு நேர் கீழே நின்று, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு நின்ற இடத்திலிருந்தே குதிப்பான். ஓடி வந்த வேகமெல்லாம் வீண். பந்து தலைக்குப் பின்னால் இறங்கும். முதுகை வளைத்து, முழங்கையை மடக்கி அடிப்பான். அது நெற்றின் மேல்பட்டியில் படும், இல்லையென்றால் பின்கோட்டைத் தாண்டி வேலிக்குப் போகும்.

வெளியில் நிற்கிறவர்கள் "இன்னும் உயரக் குதி தம்பி" என்று கத்துவார்கள். அவன் இன்னும் பதறி, அடுத்த பந்துக்கு இன்னும் முந்தி ஓடுவான். உயரம் போதாதது விளைவு மட்டும்தான். காரணம் புறப்பட்ட நேரத்தில் இருக்கிறது.

கணக்காகப் பார்ப்போம். ஆண்களுக்கான நெற்றின் உயரம் 2.43 மீற்றர். செற்றரின் கையிலிருந்து பந்து சுமார் 3 மீற்றர் மேலே எழும்பினால், உச்சிக்குப் போக ஏறத்தாழ 0.8 செக்கன் ஆகும். அங்கிருந்து நீங்கள் அடிக்கிற உயரத்துக்கு இறங்க இன்னும் 0.7 செக்கன். 60 சென்ரிமீற்றர் குதிக்கிறவருக்கு, நிலத்தை விட்டு உச்சிக்குப் போக 0.35 செக்கன் வேண்டும். அப்படியென்றால் பந்து உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கி, இறக்கத்தில் பாதி நேரம் போன பிறகுதான் உங்கள் கால் நிலத்தை விட வேண்டும். கடைசி இரண்டு காலடிகளுக்கும் ஏறத்தாழ அதே 0.35 செக்கன்தான் பிடிக்கும். ஆகவே பந்து உச்சியில் நிற்கிற கணத்தில் உங்கள் முதல் காலடி முடிந்து, இரண்டாவது தொடங்க வேண்டும். அதுவரை மூன்று மீற்றர்க் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நின்று, பந்து எங்கே இறங்கப் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

முந்தினால் எவ்வளவு நட்டம்? உச்சிக்குப் போய்க் கால் செக்கன் கழித்துப் பந்தைத் தொட்டால், உடம்பு 30 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கும். குதித்த உயரத்தில் பாதி போய்விட்டது. பத்தில் ஒரு செக்கன் பிந்தினாலும் மோசம்தான், அதற்குள் பந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் விழுந்துவிடும். ஆனால் பழகுகிறவர்களில் பிந்துகிறவர்கள் குறைவு. பிந்தி வருகிறவன் கையில் ஓட்டத்தின் வேகமாவது இருக்கும்.

எங்கள் மைதானத்தில் ஒரு தம்பி இருந்தான். நல்ல உயரம், காலில் நல்ல பலம், ஆனால் அடிக்கிற பந்தெல்லாம் நெற்றுக்குள் போகும். அவனை அடிக்க விடாமல், ஓடிக் குதித்து இரண்டு கையாலும் பந்தைப் பிடிக்கச் சொன்னேன். முகத்துக்கு முன்னால்தான் பிடித்தான். குதித்து இறங்கும் வழியில்தான் பந்தைத் தொடுகிறான் என்று அதிலேயே தெரிந்தது. பிறகு அவனுக்குப் பின்னால் நின்று தோளில் கையை வைத்துக்கொண்டேன். பந்து உச்சியை நெருங்கும்போதுதான் கையை எடுப்பேன், எடுத்த பிறகுதான் புறப்படலாம். முதலில் பிந்திவிட்டோம் என்றே பயந்தான். அந்தப் பயத்தில் கடைசி இரண்டு காலடியும் தானாக வேகமாயின. சில கிழமைகளில் கை முழுவதும் நீண்ட நிலையில், தலைக்கு மேலே பந்தைப் பிடிக்கத் தொடங்கினான். அதற்குப் பிறகுதான் அடிக்க விட்டேன்.

சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் இது இன்னும் முக்கியம். வெளி மைதானத்தில் உயரமான செற் காற்றோடு நகரும். முந்தி ஓடியவர் நின்ற இடத்தில் அகப்பட்டுக்கொள்வார். காத்திருந்தவர் இரண்டாவது காலடியின் திசையை மாற்றிப் பந்திடம் போய்விடலாம்.

மூன்று காலடியையும் ஒரே அளவில் வைப்பது

இடது, வலது, இடது. முதலாவது சின்னது, மெதுவானது. திசையைப் பார்த்து வைப்பது. இரண்டாவது நீளமானது, வேகமானது. குதிக்கால் முதலில் ஊன்ற வேண்டும். மூன்றாவது உடனே பக்கத்தில் வந்து விழும், பாதம் சற்று உள்ளே திரும்பியிருக்கும். முன்னால் போகிற வேகத்தை மேலே திருப்புவது அந்த மூன்றாவது காலடிதான். அது நேராக நெற்றைப் பார்த்து விழுந்தால் நெற்றுக்குள்தான் போய் விழுவீர்கள். காதால் கேட்டுச் சரிபார்க்கலாம். சரியான ஓட்டத்தில் முதல் சத்தத்துக்குப் பிறகு சிறு இடைவெளி இருக்கும், அப்புறம் இரண்டு சத்தங்கள் ஒட்டி வரும். மூன்றும் சம இடைவெளியில் கேட்டால் ஓட்டம் பிழை.

வலது காலில் முடிப்பது

வலது கைக்காரருக்குத் தோள் திரும்பாது. சின்ன வயதிலேயே திருத்துங்கள்.

ஒற்றைக் கையை மட்டும் வீசுவது

பலர் ஓடும்போதே அடிக்கிற கையைத் தூக்கிவிடுகிறார்கள். இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். இரண்டாவது காலடி ஊன்றும்போது இரண்டும் நேராகப் பின்னால் போக வேண்டும், மூன்றாவது ஊன்றியதும் முன்னால் வந்து மேலே எழ வேண்டும். அந்த வீச்சே குதிப்புக்கு உயரம் கூட்டும். மேலே போனதும் இடது கை பந்தைக் காட்டி நிற்கும், வலது முழங்கை காதுக்குப் பின்னால், தோளுக்குக் குறையாத உயரத்தில் இருக்கும். பிறகு இடது கை வயிற்றை நோக்கி இறங்க, தோள் திரும்பி, முழங்கை முந்தி, கை பின்தொடரும். முழங்கை தாழ்ந்து கிடந்தால் கை பந்தைத் தள்ளும், அடிக்காது.

பந்தை நேர் தலைக்கு மேல் சந்திப்பது

உச்சியில் சந்திப்பது என்றால் பலர் தலைக்கு நேர் மேலே என்று நினைக்கிறார்கள். சந்திக்க வேண்டிய இடம் அடிக்கிற தோளுக்கு மேலே, அரை முழம் முன்னால். அங்கேதான் கை முழுவதும் நீளும், விரித்த உள்ளங்கை பந்தின் மேல்பக்கத்தைப் பிடிக்கும், மணிக்கட்டு மடங்கிப் பந்தைக் கீழே திருப்பும். தலைக்குப் பின்னால் போன பந்தை நாளுக்கு நாள் வலிந்து அடித்தால் தோளின் முன்பக்கம் நோகத் தொடங்கும். நோவு வந்தால் கையைப் பார்க்க முதல், எப்போது புறப்படுகிறீர்கள் என்று பாருங்கள்.

கெட்டுப்போன செற்றையும் அறைவது

எட்டாத பந்தை விரல் நுனியால் தட்டிப் பின்மூலைக்கு அனுப்புங்கள்.