தம்யீஸா ஹாலா? ‘எப்படி’ என்ற கேள்வியை நம்பாதீர்கள்

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு பக்கம் ஞாயிறு இரவு இஷாவுக்குப் பிறகு சிறு அரபு இலக்கண வகுப்பு நடத்துகிறேன். வருபவர்கள் வேலை முடித்து வரும் தமிழ்ப் பிள்ளைகள். போன வாரம் ஒருவர் பலகையில் எழுதிய இஃராபை, அதாவது சொல்லுக்குச் சொல் இலக்கணம் பிரித்துக் காட்டியதை, பார்த்ததும் மனம் சுருக்கென்றது. தம்யீஸை ஹால் என்று எழுதியிருந்தார். ஒருவருடைய நிலையைச் சொல்வது ஹால்; எந்த வகையில், என்ன பொருள் என்ற மயக்கத்தைத் தீர்ப்பது தம்யீஸ். இருபது வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே தவறு, அதே குர்ஆன் வசனத்தில்.

தன்வீனை விடுவது, ஃபத்ஹாவை மறப்பது போன்றவை எழுத எழுதச் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

‘எப்படி?’ என்று கேட்டு முடிவு செய்வது

ஹால் என்பது ‘எப்படி?’ என்ற கேள்விக்குப் பதில் என்றுதான் எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். ‘ஜாஅ ஸைதுன் ளாஹிகன்’, ஸைத் சிரித்தவராக வந்தார். எப்படி வந்தார்? சிரித்தவராக. இதுவரை சரி.

சிக்கல் நம் தமிழில் இருக்கிறது. ‘ஆக’ என்று முடிகிற எதற்கும் தமிழில் ‘எப்படி’ என்று கேட்டுவிடலாம். மர்யம் சூராவின் 4ஆம் வசனத்தில் ஸகரிய்யா நபி தம் முதுமையைச் சொல்கிறார்: ‘வஷ்தஅலர் ரஃஸு ஷைபன்’. ‘தலை எப்படி எரிந்தது? நரையாக’ என்று கேட்டுப் பதிலும் சொல்லிவிட்டு, ‘ஷைபன்’ ஹால் என்று எழுதிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை, நகலெடுத்து வகுப்பு முழுக்கக் கொடுத்தேன். அடுத்த வருடம் என்னிடம் படித்த ஒருவர் வேறோர் இடத்தில் அதையே பாடமாக நடத்திக்கொண்டிருந்தார். அந்தத் தாளைத் திரும்ப வாங்க முடியவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

ஏன் தவறு? ஹால் என்பது ஒருவருடைய நிலை. அவரை ‘ஸாஹிபுல் ஹால்’ என்பார்கள். அந்த நிலையை அவர்மேல் ஏற்றி ஒரு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். ‘ஸைதுன் ளாஹிகுன்’, ஸைத் சிரிக்கிறவர்: நிற்கிறது. ‘அர்ரஃஸு ஷைபுன்’, தலை நரை: நிற்கவில்லை. தலை வேறு, நரை வேறு. எரிந்தது என்று தலையோடு சேர்த்துச் சொன்னது எந்த வகையில் என்ற மயக்கத்தை ‘ஷைபன்’ தீர்க்கிறது. அதுதான் தம்யீஸ். சந்தேகம் இருந்தால் அதைப் பழைய இடத்தில் வைத்துப் பாருங்கள்: ‘இஷ்தஅல ஷைபுர் ரஃஸி’, தலையின் நரை பற்றிப் படர்ந்தது. எழுவாயாக இருந்த சொல்லே பின்னால் போய், இங்கே ‘அன்’ என்று முடியும் மன்ஸூப் வேற்றுமை ஆகியிருக்கிறது. பெரும்பாலான இஃராப் நூல்கள் இதைத் தம்யீஸ் என்றே சொல்கின்றன.

கஹ்ஃப் சூராவில் தோட்டக்காரர் பெருமை பேசும் ‘அன அக்ஸரு மின்க மாலன்’ என்ற வாசகத்தையும் இதே போல் சோதிக்கலாம். ‘நான் செல்வம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘செல்வத்தில் உன்னைவிட அதிகம்’ என்றுதான் பொருள். தம்யீஸ்.

‘ஜாமித் என்றால் தம்யீஸ்’

இதைச் சூத்திரமாகவே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஹால் பெரும்பாலும் வினையிலிருந்து பிறந்த முஷ்தக் சொல், தம்யீஸ் பெரும்பாலும் ஜாமித், அதாவது அப்படிப் பிறக்காத சொல். உண்மைதான், ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். அதே மர்யம் சூராவில் 13 வசனம் தள்ளி, 17ஆம் வசனத்தைப் பாருங்கள்: ‘ஃபதமஸ்ஸல லஹா பஷரன் ஸவிய்யா’. வானவர் மர்யம் அம்மையார் முன் முழுமையான மனிதராகத் தோன்றினார். ‘பஷர்’ ஜாமித். ஆனால் தோன்றிய அந்த வேளையில் அவர் இருந்த கோலமே மனிதக் கோலம். ஏற்றிச் சொன்னால் நிற்கிறது, ஆகவே ஹால்.

எண்கள்

11 முதல் 99 வரை எண்ணப்படும் பொருள் ஒருமை, மன்ஸூப், தம்யீஸ். தேக்கா மார்க்கெட்டில் ‘இருபது’ என்று மட்டும் சொன்னால் ‘இருபது என்ன?’ என்று கேட்பார்களே, அந்த ‘என்ன’வுக்குப் பதில்.

முழு வாக்கியம் வந்தால்

‘ஜாஅ ஸைதுன் வஹுவ யள்ஹகு’, ஸைத் சிரித்துக்கொண்டே வந்தார். வாக்கியம் ஹால் ஆகலாம். தம்யீஸ் வாக்கியமாக வராது.

சோதனை தீர்க்காத இடம்

பலகையில் எழுதிய அந்தப் பிள்ளை, நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, “உஸ்தாத், அப்படின்னா எல்லாத்துக்கும் இது போதுமா?” என்றார். போதாது. ‘கரும ஸைதுன் ளைஃபன்’ என்று எழுதிக் காட்டினேன். விருந்தாளி ஸைதே என்றால், ‘விருந்தாளியாக இருக்கையில் கண்ணியமானவர்’ என்று ஹாலாகவும் கொள்ளலாம், ‘விருந்தாளி என்ற வகையில் கண்ணியமானவர்’ என்று தம்யீஸாகவும் கொள்ளலாம். விருந்தாளி வேறு ஒருவர் என்றால், ‘ஸைதின் விருந்தாளி கண்ணியமானவர்’, அது தம்யீஸ் மட்டுமே. எழுத்திலும் ஹரகத்திலும் எந்த வேறுபாடும் இல்லை. ஸைதே விருந்தாளியாக இருந்து தம்யீஸைத்தான் சொல்ல நினைத்தால், ‘மின் ளைஃபின்’ என்று ‘மின்’ சேர்த்துவிட்டால் ஹாலுக்கு இடமில்லாமல் போகும். அவர் அதைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.