தெரியாதவர் பணம் உங்கள் கணக்கில் வந்தால்: அவசரப்பட்டுச் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை சாயங்காலம். ரூ.9,000 வரவு என்று போனில் எஸ்எம்எஸ். பத்து நிமிடத்தில் ஓர் அழைப்பு: "அண்ணே, தப்பா உங்க நம்பருக்கு போட்டுட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கட்டவேண்டிய பணம். இப்போ ஒரு நம்பர் சொல்றேன், அதுக்கு ஜிபே பண்ணிடுங்க." மனசு இளகி, சொன்ன எண்ணுக்கு அனுப்பிவிடுகிறோம். அடுத்தவர் பணம் நமக்கெதற்கு என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கைக்காசு போவதும் கணக்கு முடங்குவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

எஸ்எம்எஸ்ஸை நம்பி, கணக்கைப் பார்க்காமல் இருப்பது

வரவு எஸ்எம்எஸ் வந்தாலே பணம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ் எழுத்துகளாலான பெயரிலிருந்து வரும். பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. அப்படி வந்தால் அது போலி. பெயரைப் பார்த்துக் குழம்பினாலும் கவலையில்லை, இருப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். காலையில் 12,430 இருந்தது, நடுவில் செலவு எதுவும் இல்லை, இப்போதும் 12,430தான் என்றால் ஒரு ரூபாய்கூட வரவில்லை. அழைத்தவருக்கு நீங்கள் தரவேண்டியது எதுவும் இல்லை.

வங்கியின் சொந்த ஆப்பிலோ பாஸ்புக் பதிவிலோ பாருங்கள். அழைத்தவர் அனுப்பும் இணைப்பைத் திறந்து பார்க்காதீர்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. 'பணம் வந்ததை உறுதிசெய்ய பின் போடுங்கள்' என்று ஒரு திரை கேட்டால், நீங்கள் பணம் அனுப்பப் போகிறீர்கள் என்று பொருள்.

அந்த ஒரு வரியைப் படிக்காமல் விடுவது

ஸ்டேட்மென்டில் இந்த வரவு ஏறக்குறைய இப்படித் தெரியும். வங்கிக்கு வங்கி வடிவம் கொஞ்சம் மாறும். பெயரும் எண்ணும் இங்கே கற்பனை.

```
22-11-2025  UPI/CR/532618004417/SELVI K/CNRB/selvik7  9,000.00 Cr
```

`UPI` என்பது வந்த வழி. `CR` என்றால் வரவு. அடுத்த 12 இலக்கம்தான் பரிவர்த்தனை எண். வங்கியிலும் போலீஸிலும் எல்லாரும் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் இதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் இருக்கும். 5 என்றால் 2025. 326ஆவது நாள் நவம்பர் 22. அழைத்தவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் எண் உங்கள் ஸ்டேட்மென்டில் இருப்பதோடு ஓர் இலக்கம் மாறினாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அதற்கடுத்து அனுப்பியவர் பெயர், அவருடைய வங்கி (`CNRB` என்றால் கனரா வங்கி), பாதியில் வெட்டுப்பட்ட யூபிஐ முகவரி.

வந்த வழியை ஏன் பார்க்கவேண்டும் என்றால், அழைத்தவரின் கதை அதோடு பொருந்துகிறதா என்பது அங்கேதான் தெரியும். யூபிஐயில் மொபைல் எண்ணை மாற்றிப் போட்டவருக்கு உங்கள் எண் தெரிந்திருப்பது இயல்பு. ஆனால் வரி `NEFT` என்று தொடங்கினால், அனுப்பியவர் தட்டச்சு செய்தது கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும்தான். உங்கள் மொபைல் எண் அவருக்குத் தெரிய வழியில்லை, வங்கியும் கொடுக்கக்கூடாது. நெஃப்ட் வரவு வந்த பத்தாவது நிமிடம் உங்களுக்கே நேராக அழைப்பு வருகிறதென்றால், உங்கள் விவரம் முழுவதும் அவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

மொபைல் எண் மாறிவிட்டது என்று சொன்னால், யாருக்கு அனுப்ப நினைத்தார் என்று கேளுங்கள். நிஜமாகவே தவறு நடந்திருந்தால் அந்த எண் பெரும்பாலும் உங்களுடையதிலிருந்து ஓரிரு இலக்கம்தான் மாறியிருக்கும்.

எல்லா வரவும் அந்நியர் தவறும் அல்ல. ஒரு ரூபாய் வந்திருந்தால், எங்கோ கணக்கு எண் கொடுத்ததைச் சரிபார்க்க ஒரு நிறுவனம் அனுப்பியிருக்கலாம். `ACH` என்று தொடங்குவது பங்கு ஈவுத்தொகையாக இருக்கலாம். கடன் ஆப் எதையாவது தொட்டிருந்தீர்கள் என்றால், நிறுவனப் பெயரில் வந்த தொகை நீங்கள் கேட்காமலே போடப்பட்ட கடனாகவும் இருக்கலாம். அதை 'ஏஜென்ட்' சொல்லும் வேறு கணக்குக்கு அனுப்பினால் கடன் அடையாது.

சொன்ன எண்ணுக்குப் புதிதாக அனுப்புவது

பெரிய தவறு இதுதான். மேலே பார்த்த 9,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். வந்தது செல்வி என்பவரின் கனரா வங்கிக் கணக்கிலிருந்து. அழைத்த ஆள் தந்ததோ வேறு பெயரில் வேறு எண். நீங்கள் அனுப்புகிறீர்கள். வங்கியின் கணக்கில் இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பரிவர்த்தனைகள். முதலாவது செல்வியிடமிருந்து உங்களுக்கு. இரண்டாவது நீங்கள் விரும்பி, பின் போட்டு, மூன்றாம் ஆளுக்கு அனுப்பியது. நாளைக்கு செல்வி தன் வங்கியில் புகார் கொடுத்தால், 9,000 இன்னும் உங்களிடம்தான் இருப்பதாக ஆகும். நீங்கள் இன்னொரு 9,000 தரவேண்டி வரும்.

இன்னும் மோசமானது, செல்வியே ஏமாற்றப்பட்டவராக இருப்பது. ஆன்லைன் வேலை, பார்ட் டைம் வேலை என்று யாரோ அவரை ஏமாற்றி உங்கள் கணக்குக்குப் பணம் போட வைத்திருக்கலாம். அவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்கிறார். பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனது என்று தேடும்போது முதல் படியில் உங்கள் பெயர், இரண்டாம் படியில் நீங்கள் அனுப்பிய ஆள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விடும் ஆளுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தெரியாது. வங்கி அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி நிறுத்திவைக்கும், இதற்கு லீன் என்று பெயர். சில நேரம் கணக்கையே முடக்கும். இருப்பு 12,430 என்று காட்டினாலும் எடுக்கக்கூடியது 3,430 என்று தெரிந்தால் லீன் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே கிளையில் புகாரின் எண்ணையும், எந்த ஊர் சைபர் கிரைம் போலீஸ் கேட்டது என்பதையும் எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் யாரிடம் விளக்கம் கொடுப்பது என்பதே தெரியாது.

அழைத்தவர் 12 இலக்க எண்ணைச் சரியாகச் சொன்னார், நிஜமாகவே பணமும் வந்திருக்கிறது, அப்போது நம்பலாமே என்று தோன்றும். அனுப்பியது அவர்தான் என்பதற்கு வேண்டுமானால் அது சான்று. பணம் அவருடையது என்பதற்குச் சான்றாகாது.

பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு, வங்கி வழியாகத்தான் போகவேண்டும். அழைத்தவரிடம் சொல்லவேண்டியது ஒன்றுதான்: "உங்க பேங்க்ல புகார் கொடுங்க. எங்க பேங்க் கேட்டா நான் சம்மதம் தரேன்." நிஜமாகத் தவறியவருக்கு இது போதும். மிரட்டல், அழுகை, 'ஐந்நூறு நீங்களே வெச்சுக்கங்க' என்ற தாராளம் இவையெல்லாம் தொடர்ந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு துண்டித்துவிடுங்கள்.

பணத்தைத் தொடுவது, அல்லது தானாகக் கரைய விடுவது

தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 72ஆவது பிரிவு. தெரிந்தே நேர்மையற்று எடுத்துச் செலவழித்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவு வரும். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. 'பேங்க் தப்புக்கு நான் என்ன செய்ய' என்ற வாதமும் எடுபடாது. 2023 நவம்பரில் ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற முறையில் ஏற்பட்ட கோளாறால் யூகோ வங்கி வாடிக்கையாளர்கள் கணக்குகளில் சுமார் 820 கோடி ரூபாய் தவறாக வரவானது. பலர் எடுத்துவிட்டார்கள். வழக்கு சிபிஐ வரைக்கும் போனது.

வேண்டுமென்று தொடாதவர்களும் இன்னொரு வழியில் மாட்டுவதுண்டு. மாதம் 5ஆம் தேதி தானாகப் பிடிக்கும் தவணை இருக்கிறது. கணக்கில் உங்கள் சொந்தப் பணம் 2,000, தவணை 4,500. வந்த 9,000-இலிருந்து 2,500 போய்விடும். குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான அபராதம் பாக்கி இருந்தாலும், பணம் விழுந்ததும் பிடித்துக்கொள்வார்கள். திருப்பித் தரவேண்டியது அப்போதும் முழு 9,000தான். ஆகவே தவணை தேதிக்கு முன் சொந்தப் பணத்தைப் போட்டு வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று வேறு கணக்குக்கோ வைப்புநிதிக்கோ மாற்றவும் வேண்டாம். மாற்றியது மட்டும்தான் ஸ்டேட்மென்டில் பதிவாகும், எதற்கு மாற்றினீர்கள் என்பது பதிவாகாது.

வாயால் மட்டும் சொல்லிவிட்டு வருவது

கிளையில் போய்ச் சொன்னேன் என்பதற்குச் சாட்சி கிடையாது. அடுத்த வேலை நாளிலேயே எழுத்தில் கொடுங்கள். விடுமுறை என்றால் வங்கியில் பதிவான மின்னஞ்சலிலிருந்து அன்றைக்கே அனுப்புங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை கூகுளில் தேடாமல் பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறமோ பாருங்கள். கடிதம் இவ்வளவு போதும்:

> எனது சேமிப்புக் கணக்கு எண் ........ இல் 22-11-2025 அன்று, பரிவர்த்தனை எண் 532618004417 மூலம் ரூ.9,000 வரவாகியுள்ளது. அனுப்பியவர் எனக்குத் தெரியாதவர். இத்தொகை எனக்கு உரியதல்ல, நான் பயன்படுத்தவில்லை. உரிய விசாரணைக்குப் பின், வரவான அதே கணக்குக்கு இத்தொகையை மட்டும் திருப்பி அனுப்ப எனது கணக்கில் பற்று வைக்கச் சம்மதிக்கிறேன். என்னை ........ என்ற எண்ணிலிருந்து தொடர்புகொண்டு வேறு எண்ணுக்கு அனுப்பக் கேட்டனர்.

'இத்தொகையை மட்டும்', 'அதே கணக்குக்கு' என்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். தொகை நிரப்பாத சம்மதப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். கடிதத்தின் நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள், அந்த ஸ்டேட்மென்ட் பக்கத்தின் அச்சையும் சேர்த்து வையுங்கள்.

கவுன்ட்டரில் "நீங்களே அனுப்பிடுங்க சார், இதுக்கெல்லாம் லெட்டரா" என்று சொல்லக்கூடும். வேலை மிச்சம் என்று சொல்வதுதான். அதை எழுதித் தரச் சொன்னால் கடிதத்தை வாங்கிக்கொள்வார்கள். புகாராகப் பதிந்தும் 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் முறையிடலாம். பணம் மோசடியோடு தொடர்புடையது என்று சந்தேகம் வந்தால் இதற்கெல்லாம் காத்திராமல் 1930-க்கோ `cybercrime.gov.in` தளத்திலோ நீங்களே முதலில் தெரிவித்துவிடுவது நல்லது.

வங்கி திருப்பி அனுப்பிய நாளில் ஸ்டேட்மென்டில் 9,000 பற்று வரும். தொகை சரியாக இருக்கிறதா, அதன்மேல் கட்டணம் ஏதும் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, பழைய பரிவர்த்தனை எண்ணைக் குறிப்பிட்டு 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று கிளையிலிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வாங்கி, முத்திரை விழுந்த அந்த நகலோடு சேர்த்து வையுங்கள். செல்வியின் புகார் ஆறு மாதம் கழித்து வேறு ஊர்க் காவல் நிலையத்திலிருந்து வந்தாலும் காட்டுவதற்கு இந்த இரண்டு தாள் இருக்கும்.