ஒரு கிரைண்டர், மூன்று விளம்பரங்கள்: விற்பனையை எதன் பேரில் எழுதுவது?

தியாகராய நகரில் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் ஒரு சிறு கடை, டேபிள் டாப் கிரைண்டரை இணையத்திலும் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலை 6,000 ரூபாய். அதை வாங்க நினைப்பவர் முதலில் இன்ஸ்டாகிராமில் மாவரைக்கும் வீடியோ விளம்பரத்தைத் தொட்டுக் கடையின் பக்கத்துக்கு வருகிறார். சில நாள் கழித்து யூடியூப் விளம்பரம் வழியாக மறுபடி வருகிறார். வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகு கூகுளில் கடையின் பெயரைத் தட்டி, மேலே வரும் விளம்பரத்தைத் தொட்டு வாங்குகிறார். இந்த 6,000 ரூபாயை எந்த விளம்பரத்தின் கணக்கில் எழுதுவது என்பதுதான் கேள்வி.

முதலில் அழைத்து வந்த விளம்பரத்துக்கே முழுத்தொகையையும் எழுதினால் அது முதல் தொடுகைக் கணக்கு. வாங்குவதற்குச் சற்று முன் தொட்ட விளம்பரத்துக்கு எழுதினால் கடைசித் தொடுகைக் கணக்கு. விளம்பர நிறுவனங்களில் ஃபர்ஸ்ட் டச், லாஸ்ட் டச் என்பார்கள். இரண்டையும் ஒரே தாளில் அருகருகே போட்டுப் பார்க்கும் முறையை இங்கே விளக்குகிறேன். கடை, வாடிக்கையாளர்கள், தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காகக் கற்பித்தவை.

படி 1: ஒவ்வொரு விளம்பர இணைப்புக்கும் அடையாளம் இடுதல்

எந்த விளம்பரம் வழியாக ஒருவர் வந்தார் என்பது இணைப்பின் வாலில் இருக்கும் அடையாளத்தால்தான் தெரியும்.

```
https://example.com/grinder?utm_source=instagram&utm_medium=paid_social&utm_campaign=deepavali
```

எழுத்துகளை எப்போதும் சிறிய எழுத்தாகவே இடுங்கள். தளத்துக்கு வருபவர்களை எண்ணிக் காட்டும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் `Instagram` என்பதையும் `instagram` என்பதையும் இரண்டு வெவ்வேறு வழிகளாகவே எண்ணும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்புக்கும் அடையாளம் வேண்டும், இல்லாவிட்டால் அவ்வழியே வருபவர்கள் நேராக முகவரியைத் தட்டி வந்தவர்களாகப் பதிவாவார்கள். ஆனால் உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்புகளில் இதை ஒருபோதும் இடாதீர்கள். இட்டால், வெளியிலிருந்து அழைத்து வந்த விளம்பரத்தின் மேல் உங்கள் முகப்புப் பக்கமே தன் பெயரை எழுதிக்கொள்ளும்.

படி 2: தொடுகைகளைச் சேமித்தல்

கூகுள் அனலிட்டிக்ஸிலேயே இந்த ஒப்பீட்டைச் செய்துவிடலாமே என்று தோன்றும். அதன் விளம்பரப் பகுதியில் இருந்த முதல் தொடுகை மாதிரியை 2023 நவம்பரில் நீக்கிவிட்டார்கள். `First user source / medium` என்ற பகுப்பு இன்றும் இருக்கிறது, ஆனால் அது அந்த ஆள் உங்கள் தளத்துக்கு எப்போதோ முதன்முறை வந்த வழியைச் சொல்வதே தவிர, இந்தக் கிரைண்டரை வாங்கக் காரணமான பயணத்தின் தொடக்கத்தைச் சொல்வதன்று. ஆகவே தொடுகைகளை நாமே சேமிப்பது நல்லது. ஒருவர் அடையாளம் இட்ட இணைப்பில் வரும்போதெல்லாம் நேரத்தையும் வழியையும் உலாவியில் குறித்து வைத்து, ஆர்டர் கொடுக்கும்போது அந்தப் பட்டியலை ஆர்டரோடு சேர்த்து அனுப்பும்படி உங்கள் தளத்தை அமைத்தவரிடம் சொல்லுங்கள். அடையாளம் இல்லாமல் நேராக வந்த வருகைகளைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவை கடைசித் தொடுகை இடத்தைப் பிடித்துக்கொள்ளுமே ஒழிய, எதையும் விளக்குவதில்லை.

பின்னர் கூகுள் ஷீட்ஸில் `touches`, `orders` என்று இரண்டு தாள்கள் திறவுங்கள். `touches` தாளின் மூன்று நெடுவரிசைகளில் வாடிக்கையாளர் எண், நேரம், வழி ஆகியவை வர வேண்டும்:

| எண் | நாள் | வழி |
|---|---|---|
| K1 | செப்டம்பர் 3 | இன்ஸ்டாகிராம் |
| K1 | செப்டம்பர் 9 | யூடியூப் |
| K1 | செப்டம்பர் 21 | பெயர்த் தேடல் |
| K2 | செப்டம்பர் 5 | இன்ஸ்டாகிராம் |
| K2 | செப்டம்பர் 18 | பெயர்த் தேடல் |
| K3 | செப்டம்பர் 1 | யூடியூப் |
| K3 | செப்டம்பர் 20 | வாட்ஸ்அப் |
| K4 | செப்டம்பர் 12 | பெயர்த் தேடல் |
| K5 | ஆகஸ்ட் 8 | இன்ஸ்டாகிராம் |
| K5 | செப்டம்பர் 14 | யூடியூப் |
| K5 | செப்டம்பர் 22 | பெயர்த் தேடல் |

கடையின் பெயரையே தேடியவருக்குக் காட்டிய கூகுள் விளம்பரத்தைத்தான் பெயர்த் தேடல் என்று குறித்திருக்கிறேன். ஐந்து பேரும் தங்கள் கடைசித் தொடுகை நாளன்றே ஆளுக்கு ஒரு கிரைண்டர் வாங்கினார்கள். மொத்த விற்பனை 30,000 ரூபாய். `orders` தாளில் A, B, C நெடுவரிசைகளில் முறையே எண், வாங்கிய நேரம், தொகை ஆகியவற்றை நிரப்புங்கள்.

படி 3: சூத்திரம்

`orders` தாளின் H1 கட்டத்தில் 90 என்று எழுதுங்கள். வாங்கிய நாளிலிருந்து எத்தனை நாள் பின்னோக்கித் தொடுகைகளைத் தேடுவது என்பதற்கான அளவு இது. D2 கட்டத்தில் முதல் தொடுகை:

```
=INDEX(SORT(FILTER(touches!B:C,touches!A:A=A2,touches!B:B<=B2,touches!B:B>=B2-$H$1),1,TRUE),1,2)
```

E2 கட்டத்தில் இதையே இட்டு, `TRUE` என்பதை `FALSE` என்று மாற்றினால் கடைசித் தொடுகை கிடைக்கும். இரண்டையும் கீழே இழுத்து நிரப்புங்கள். `#N/A` வந்தால், அந்த ஆர்டருக்குத் தொடுகையே பதிவாகவில்லை, அல்லது தேதி வெறும் எழுத்தாக உள்ளிடப்பட்டிருக்கிறது என்று பொருள். பிறகு G நெடுவரிசையில் G2 கட்டத்திலிருந்து வழிகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் H, I நெடுவரிசைகளில் முறையே முதல், கடைசித் தொடுகைத் தொகையைக் கூட்டுங்கள்:

```
=SUMIF(D:D,G2,C:C)
=SUMIF(E:E,G2,C:C)
```

படி 4: இரண்டையும் அருகருகே படித்தல்

| வழி | முதல் தொடுகை | கடைசித் தொடுகை |
|---|---|---|
| இன்ஸ்டாகிராம் | 18,000 | 0 |
| யூடியூப் | 6,000 | 0 |
| பெயர்த் தேடல் | 6,000 | 24,000 |
| வாட்ஸ்அப் | 0 | 6,000 |

இன்ஸ்டாகிராமுக்கு 9,000 ரூபாயும் பெயர்த் தேடலுக்கு 2,000 ரூபாயும் செலவானதாகக் கொள்வோம். கடைசித் தொடுகையை மட்டும் பார்க்கும் கடைக்காரர், பெயர்த் தேடல் ஒரு ரூபாய்க்குப் பன்னிரண்டு ரூபாய் ஈட்டித் தருகிறது, இன்ஸ்டாகிராம் ஒன்றும் தரவில்லை என்று முடிவு கட்டி, இன்ஸ்டாகிராமை நிறுத்திவிடுவார். ஆனால் கடையின் பெயரைத் தேடிய நால்வரில் மூவருக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தியது இன்ஸ்டாகிராம்தான் என்பதை முதல் நெடுவரிசை காட்டுகிறது. பந்தியில் இலை போட்டவரை மறந்துவிட்டுப் பாயசம் ஊற்றியவரை மட்டும் பாராட்டுவது போன்றதுதான் இது.

இதற்காக முதல் தொடுகைதான் சரி என்று எண்ணிவிடவும் கூடாது. K3 என்பவர் யூடியூபைப் பார்த்துப் பத்தொன்பது நாள் சும்மா இருந்தார். வாட்ஸ்அப் செய்தி வந்த அன்றுதான் வாங்கினார். முதல் தொடுகைக் கணக்கில் அந்தச் செய்திக்கு ஒரு பைசாவும் இல்லை. என் பார்வையில், முதல் நெடுவரிசை 'புதியவர்களை யார் கொண்டுவருகிறார்கள்' என்ற கேள்விக்கும் இரண்டாவது 'தயங்கி நிற்பவரை யார் முடிக்கவைக்கிறார்கள்' என்ற கேள்விக்கும் மட்டுமே பதில். இரண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி எங்கே விழுகிறதோ அந்த வழியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். K1-இன் பயணத்தில் நடுவில் நின்ற யூடியூப் போன்றவற்றை இவ்விரண்டு கணக்குகளுமே கண்டுகொள்வதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

படி 5: நாள் அளவை மாற்றிப் பார்த்தல்

இப்போது H1 கட்டத்தில் 90-ஐ அழித்து 30 என்று எழுதுங்கள். K5-இன் ஆகஸ்ட் 8 தொடுகை எல்லைக்கு வெளியே போய்விடும். அவருடைய முதல் தொடுகை யூடியூபாக மாறும். இன்ஸ்டாகிராம் 18,000-லிருந்து 12,000-ஆகக் குறைய, யூடியூப் 12,000-ஆக உயரும். கடைசித் தொடுகை நெடுவரிசையில் ஓர் எண்கூட அசையாது. முதல் தொடுகை என்பது நாம் வைத்த எல்லையைப் பொறுத்தது. ஆகவே யாராவது முதல் தொடுகை அறிக்கை ஒன்றை நீட்டினால், எத்தனை நாள் அளவு என்று முதலில் கேளுங்கள்.

பதிவிலேயே நேரும் பிழைகள்

சூத்திரம் சரியாக இருந்தும் விடை தவறாவதற்குப் பெரும்பாலும் காரணம், உண்மையான முதல் தொடுகை பதிவாகாமலே போவது. ஐஃபோனின் சஃபாரி உலாவி, தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் உலாவியில் எழுதி வைக்கும் குக்கிகள் என்ற சிறு குறிப்புகளை 7 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. நம் பட்டியலில் K1 வாங்க எடுத்துக்கொண்டது பதினெட்டு நாள். அவர் கையில் ஐஃபோன் இருந்திருந்தால் இன்ஸ்டாகிராம் தொடுகை அழிந்து, பெயர்த் தேடலே முதலும் கடைசியுமாகப் பதிவாகியிருக்கும். வீடுகளில் இன்னொன்றும் நடக்கும். மனைவி கைபேசியில் வீடியோவைப் பார்த்துச் சொல்ல, கணவர் அலுவலக மடிக்கணினியில் ஆர்டர் கொடுப்பார். கணக்குக்கு அவர்கள் இருவரும் தொடர்பில்லாத இரண்டு பேர். தொடாமல் பார்த்துவிட்டு மட்டும் போனவர்கள் இந்தத் தாளுக்குள் வருவதே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரே ஒரு தொடுகை, அதுவும் பெயர்த் தேடல் மட்டுமே உள்ள ஆர்டர்களை எண்ணுங்கள். K4 அப்படிப்பட்டவர். ஒன்றுமே அறியாமல் ஒருவர் கடையின் பெயரைத் தேடமாட்டார். தாம்பரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம், அல்லது முந்தைய விளம்பரம் பதிவிலிருந்து நழுவியிருக்கலாம். இவர்கள் மொத்தத்தில் பாதியை நெருங்கினால் முதல் தொடுகை நெடுவரிசையை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆர்டரை உறுதிப்படுத்தக் கூப்பிடும்போது, கடையைப் பற்றி முதலில் எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று ஒரு வரி கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டால் ஓட்டையின் அளவு விளங்கும்.

கடைசித் தொடுகைக்கும் ஒரு தனி நோய் உண்டு. பணம் செலுத்தும் தளத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வாடிக்கையாளரை, அந்தத் தளமே அனுப்பி வைத்ததாகக் கூகுள் அனலிட்டிக்ஸ் எழுதிவிடக்கூடும். அறிக்கையில் அப்படி ஒரு பெயர் தென்பட்டால், அதன் `List unwanted referrals` பட்டியலில் அந்த முகவரியைச் சேர்த்துவிடுங்கள்.

படி 6: நிறுத்திப் பார்த்தல்

இரண்டு கணக்குகளுமே விளம்பரம் இல்லாதிருந்தால் அந்த விற்பனை நடந்திருக்குமா என்பதைச் சொல்வதில்லை. பெயர்த் தேடல் விளம்பரத்தை எளிதில் சோதிக்கலாம்: சில வாரம் நிறுத்துங்கள். கடையின் பெயரைத் தேடுபவர்கள் கீழே இருக்கும் கட்டணமில்லாத இணைப்பைத் தொட்டு வந்து அதே அளவு வாங்கினால், அந்த 2,000 ரூபாய் வீண் செலவு. போட்டிக் கடை உங்கள் பெயருக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் மட்டும் இந்தச் சோதனையில் விற்பனை உண்மையிலேயே குறையலாம்.

இன்ஸ்டாகிராமுக்கு இந்த முறை போதாது. அதை எல்லா இடத்திலும் நிறுத்தினால், விற்பனை குறைந்ததற்குக் காரணம் விளம்பரமா பருவமா என்று தெரியாது. எனவே மதுரையில் மட்டும் நிறுத்திச் சென்னையில் தொடர்ந்து நடத்தி, இரண்டு ஊர்களின் விற்பனையும் முன்பு இருந்த விகிதத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். K5 போன்றவர் பார்த்து வாங்குவதற்கு 45 நாள் ஆனதால், முதல் சில வாரங்களில் மதுரையில் எந்தக் குறைவும் தெரியாமல் போகலாம். ஏற்கெனவே பார்த்தவர்கள் அப்போதுதான் வாங்கிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கடைக்கு ஏழு வாரத்துக்குக் குறைவாகச் சோதனையை முடிப்பது சரியாகாது. ஓர் ஊரில் வாரத்துக்கு இரண்டு மூன்று ஆர்டர்களே வரும் கடையென்றால், ஏழு வாரமும் போதாது. அவ்வளவு சிறிய எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கும்.